சுற்றறிக்கை மின்னஞ்சல் எழுதும் நிர்வாகப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகப் பிரிவினருக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பும் சுற்றறிக்கைகளில் இப்போதெல்லாம் பத்திகளே இல்லை. எல்லாமே புள்ளி வைத்த பட்டியல். படிக்க எளிது என்று நினைத்துத்தான் இப்படிச் செய்கிறீர்கள். ஆனால் அண்மையில் வந்த விடுப்புச் செயலி அறிவிப்பைப் பாருங்கள்:

- பழைய செயலி 14-ஆம் தேதி மாலை மூடப்படும்
- நிலுவை விண்ணப்பங்கள் மாற்றப்படமாட்டா
- புதிய செயலி 17-ஆம் தேதி காலை திறக்கும்
- அவசர விடுப்புக்கு மேலாளரை அணுகவும்

என் விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? மேலாளரை அணுகுவது இடைப்பட்ட நாட்களுக்கு மட்டுமா, இனி எப்போதுமா? இரண்டுக்கும் இதில் விடை இல்லை. 'என்பதால்', 'ஆகவே', 'அதுவரை' போன்ற சொற்கள்தாம் ஒரு செய்தியை அடுத்ததோடு இணைப்பவை. புள்ளி வைத்ததும் முதலில் உதிர்வது அவைதாம். எழுதியவர் மனத்தில் அந்தத் தொடர்பு இருப்பதால், அது விடுபட்டது அவர் கண்ணுக்குப் படுவதில்லை. ஒரே சந்தேகத்தைக் கேட்டுப் பலர் பதில் அனுப்பினால், அங்கே இணைப்பு அறுந்திருக்கிறது என்று பொருள்.

இதையே இப்படி எழுதலாம்: "பழைய செயலி 14-ஆம் தேதி மாலை மூடப்படுகிறது. அதில் நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் புதிய செயலிக்கு வாரா என்பதால், 17-ஆம் தேதி முதல் அவற்றை மீண்டும் பதிய வேண்டும். அதுவரை மட்டும், அவசர விடுப்பை மேலாளரிடம் நேரில் கேளுங்கள்."

தடித்த எழுத்து ஒரே இடத்தில், படிப்பவர் செய்ய வேண்டிய வேலைக்கு மட்டும். ஒரு மடலில் ஏழெட்டு இடங்களைத் தடிமனாக்கினால் கண் எதிலும் நிற்காது. கண்டிக்கும் மடலிலோ அது அதட்டலாகவே ஒலிக்கும். திரைவாசிப்பான் வழியே கேட்கும் பார்வையற்ற ஊழியருக்குத் தடிமன் பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஆகவே முக்கியமானதை முதல் வரியிலும் சொல்லிவிடுங்கள்.

பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசை மாறாமல் செய்ய வேண்டிய படிகளுக்கும், தனித்தனியே பதில் வேண்டிய கேள்விகளுக்கும் எண்ணிட்ட பட்டியல் மிகவும் உதவும். "2-க்கு ஆம், 3-க்கு அவகாசம் வேண்டும்" என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம்.

நான்கு கிளைகளின் பயிற்சி நாள், நேரம் என்றால் அட்டவணைதான் சரி. தன் கிளையின் வரிசையை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் விரிதாளிலிருந்து ஒன்பது நெடுவரிசைகளை அப்படியே ஒட்டாதீர்கள். கைப்பேசியில் வலப்பக்கம் வெட்டுப்படும், அல்லது எழுத்து சுருங்கிவிடும். வெற்று உரையாகப் பதில் போனால் கட்டங்கள் கலைந்து எண்கள் மட்டும் மிஞ்சும். பெரிய அட்டவணையைக் கோப்பாக இணைத்து, அதிலிருந்து எங்களுக்கு வேண்டிய முடிவை மடலில் எழுதுங்கள்.

எல்லோருக்கும் அனுப்புமுன் உங்களுக்கே ஒரு முறை அனுப்பி, கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சுற்றறிக்கைகளைப் பெறும் ஊழியர்களில் ஒருவர்