முதலில் பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் அழிக்கச் சொல்லுங்கள்

பழைய போனை எடுத்துக்கொண்டு புதுப் போன் கொடுக்கும் இணைய விற்பனை நிறுவனங்களின் எக்ஸ்சேஞ்ச் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் செல்போன் சர்வீஸ் பார்க்கிறவர்கள் எழுதுகிறோம். ஒவ்வொரு பண்டிகை விற்பனைக்குப் பிறகும் எங்கள் மேசைக்கு ஒரே கேள்விதான் வருகிறது: "அண்ணாச்சி, ஆப்புல ஒன்பதாயிரத்து ஐநூறுன்னு போட்டிருந்தான். வாசல்ல வந்து ஆறாயிரத்து இருநூறுங்கான். நம்ம போன்ல அப்படி என்ன கோளாறு?" அதற்கான பதில் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

கடைசியாக வந்தது மானூர்ப் பக்கத்துக் குடும்பம். புதுப் போன் விலை 24,999 ரூபாய். பழையதற்கு 9,500, கார்டுத் தள்ளுபடி 1,500 போக 13,999 கட்டினால் போதும் என்று உங்கள் ஆப் கணக்குக் காட்டியிருக்கிறது. வாசலில் பழைய போனின் விலை 6,200 ஆனது. 3,300 கூடக் கட்டு, இல்லாவிட்டால் ஆர்டர் ரத்து.

கேட்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்த மாதிரித் தெரியும். உண்மையில் பாதி போய்விட்டது. அந்த 9,500-இல் 3,000 ரூபாய் எக்ஸ்சேஞ்ச் போனஸ். புதுப் போனை விற்பதற்காகத் தருகிற அந்தப் பணத்துக்கும் பழைய போனின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. பழைய போனுக்கு நீங்கள் போட்ட விலை 6,500தான். வாசலில் அது 3,200 ஆகிவிட்டது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுவதால் குறைந்தது எவ்வளவு என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

கோளாறு இதுதான். ஆர்டர் போடும்போது "டிஸ்ப்ளே நன்றாக வேலை செய்கிறதா?" என்று கேட்கிறீர்கள். உடைசல் இல்லை, கீறல் இல்லை, தொட்டால் வேலை செய்கிறது. ஆம் என்று அழுத்துகிறார்கள். வாசலில் உங்கள் ஆள் திரை முழுக்க வெள்ளை நிறத்தை ஓடவிட்டுப் பார்க்கிறார். கீழ்ப்பாதியில் கீபோர்டின் நிழல் மங்கலாகத் தெரிகிறது. அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுவது. நெடுநேரம் ஒரே படம் நிற்கிற இடத்தில் புள்ளிகள் மற்றவற்றைவிட முன்னதாகத் தேய்ந்து இந்த நிழல் விழும். படம் பார்க்கையில், பேசுகையில் தெரியாது. வெறும் வெள்ளையோ சாம்பலோ திரையை நிறைத்தால்தான் தெரியும். அப்படிப் பார்க்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. பொய் சொன்னவர் இங்கே யாருமில்லை. கேட்ட கேள்வி ஒன்று, விலை போட்ட சோதனை வேறொன்று.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது நீங்கள் வைத்திருக்கும் வரிசை.

ஆள் வருவதற்கு முன்னாலேயே போனை ரீசெட் செய்து வையுங்கள் என்று செய்தி அனுப்புகிறீர்கள். ரீசெட் என்பது ஒரு பொத்தான் வேலை இல்லை. முதலில் வாட்ஸ்அப்பை பேக்கப் எடுக்க வேண்டும். நாற்பது ஜிபி போட்டோ, வீடியோவை நாளுக்கு இரண்டு ஜிபி டேட்டாவில் மேலே ஏற்ற முடியாது. ஓடிஜி பென் டிரைவ் வாங்கி மாற்ற வேண்டும். பிறகு செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கி, திரைப் பூட்டை எடுத்து, அதற்கப்புறம்தான் ரீசெட். பூட்டு மறந்துபோய் பவர் பொத்தான் வழியாக ரீசெட் செய்தவர்களுக்கு இன்னொரு வம்பு: போன் மறுபடி பழைய கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும், உங்கள் ஆள் தொடவே மாட்டார். எல்லாம் சரியாகச் செய்தவர் ஒரு வெற்றுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு தார்சாவில் நிற்கிறார். அப்போதுதான் விலையைக் குறைக்கிறீர்கள்.

அந்த நிமிடத்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டு வாருங்கள். 3,300 ரூபாயை யூபிஐயில் கட்டலாம் என்கிறார் உங்கள் தம்பி. யூபிஐ இருந்த போன்தான் அழிக்கப்பட்டுவிட்டதே! டெலிவரி ஓடிபி வேண்டும் என்று சிம்மைக் கழற்றிப் பக்கத்து வீட்டுப் பட்டன் போனில் போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் ஆர்டர் ரத்து. அந்த விற்பனை விலையும் கார்டுத் தள்ளுபடியும் மறுநாள் இருக்காது. கட்டியது திரும்பி வரக் காத்திருக்க வேண்டும், பழைய போனையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் கடன் வாங்கிக் கட்டிவிடுகிறார்கள். கட்டினார்கள் என்பதால் சம்மதித்தார்கள் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

மேலப்பாளையம் சந்தையில் மாடு வாங்குகிறவர்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். கயிறு கை மாறின பிறகு பல்லை எண்ணுகிற வழக்கம் அங்கே இல்லை.

எனவே எங்கள் கோரிக்கை ஒன்றே: முதலில் சோதனை, பிறகு விலை, அது சம்மதம் என்றால் மட்டும் ரீசெட். உங்கள் ஆள் கூடுதலாகப் பத்து நிமிடம் நிற்க வேண்டி வரும். அந்தப் பத்து நிமிடத்துக்கு அவருக்குக் கூலி கொடுங்கள். அவர்மேல் எங்களுக்குக் குறையில்லை. "ஆப்ல இதான் காட்டுது, நான் என்ன செய்ய?" என்று அவர் சொல்வது உண்மை. பத்தமடை வெயிலில் பைக்கில் அலைகிறவர் உங்கள் கணக்குக்கு வசவு வாங்குகிறார்.

வாசலில் ஓடும் சோதனையை ஆர்டர் போடும்போதே ஆப்பில் ஓட்டிப் பார்க்க வழி வைப்பதில் என்ன கஷ்டம்? வெள்ளைத் திரையை வாங்குபவரே பார்த்துக்கொள்வாரே. திரை நிழலுக்கு இவ்வளவு, கீறலுக்கு இவ்வளவு என்று ரூபாயில் போட்டுவிட்டால் வாசலில் வாக்குவாதமே கிடையாது. அதற்குப் பதிலாகப் பெரிய எழுத்தில் 9,500, எறும்பு எழுத்தில் "வரை". அந்த "வரை"யைப் படிக்க நாங்கள் சாலிடரிங்குக்கு வைத்திருக்கும் லென்ஸ்தான் வேண்டும். புகார் சொன்னால் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று செய்தி மட்டும் உடனே வருகிறது. தீர்ந்தது எது என்று அதில் இல்லை.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை நாங்களும் கடைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனாலும் உங்களிடமே பேசித் தீர்ப்பது நல்லது என்றுதான் இதை எழுதுகிறோம்.

ஆகவே பணிவுடன் மறுபடியும் கேட்கிறோம்: விலை முடிவாகும்வரை போனை அழிக்கச் சொல்லாதீர்கள். குறைத்தால், எந்தச் சோதனையில் எது தவறியது, அதற்கு எத்தனை ரூபாய் என்று எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள்

பின்குறிப்பு: பிராக்ஸிமிட்டி சென்சார் வேலை செய்யவில்லை என்று விலை குறைக்கப்பட்டு எங்களிடம் வந்த போன்கள் சிலவற்றில் சென்சாரில் ஒரு பழுதும் இல்லை. மேலே ஒட்டியிருந்த டெம்பர்டு கிளாஸ் அந்த இடத்தை மறைத்திருந்தது, அவ்வளவுதான். கிளாஸை உரித்துவிட்டுச் சோதிக்கும்படி உங்கள் தம்பிகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.