பழுதுத் தகராறு தீரும்வரை தகராறுக்குரிய வாடகையை நடுநிலையில் வைத்திருக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வாடகைக்குக் குடியிருப்போர், வீட்டு உரிமையாளர்கள், கட்டட மேஸ்திரிகள் சார்பில்,
அனுப்பர்பாளையம் பகுதி, திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: பழுது யார் பொறுப்பு என்ற தகராறு முடியும்வரை, வாடகையில் ஒரு பகுதியை வாடகை அதிகாரியிடம் வைப்பாகச் செலுத்த வழி செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ளது. எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்பதை அதன் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. கட்டட அமைப்புப் பழுது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் வயரிங், வெள்ளையடிப்பு ஆகியவை உரிமையாளரைச் சேர்ந்தவை. குழாய் வாசர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், தாழ்ப்பாள் போன்றவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை. உரிமையாளர் தம் பங்கைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது.

இந்த வழி பயன்படாத ஒரு பழுது இங்கே அடிக்கடி வருகிறது. மாடி பாத்ரூமிலிருந்து கீழ்வீட்டுச் சமையலறைக் கூரையில் தண்ணீர் இறங்குவதுதான் அது. மாடியில் வேறொரு குடும்பமோ உரிமையாளரோ இருப்பார்கள். கீழ்வீட்டுக்காரர் தம் செலவில் செய்யத் தயாராக இருந்தாலும், அடுத்தவர் வீட்டுத் தரையை அவரால் உடைக்க முடியாது. கழித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு ஏட்டளவில்தான் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் கையில் மிஞ்சுவது வாடகையை நிறுத்துவது ஒன்றே. அதைச் செய்தால் இரண்டு மாதப் பாக்கி, ஒரு மாத அவகாச நோட்டீஸ், பிறகு 21-ஆம் பிரிவின்படி வீட்டை மீட்கும் மனு என்று விஷயம் திசைமாறிப் போகிறது. கூரை ஒழுகியது மறந்து, பாக்கி வைத்தவர் என்ற பெயர்தான் நிற்கிறது.

வாடகை அதிகாரியிடம் பணம் கட்டும் வழி சட்டத்தில் உண்டு. ஆனால் உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தாலோ ரசீது தர மறுத்தாலோ, யாரிடம் கட்டுவது என்ற ஐயம் இருந்தாலோதான் அது திறக்கும். பழுதுத் தகராறுக்குத் திறக்காது. அதனால் ஊர்ப்பக்கம் பொதுவான ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து வைக்கிறார்கள். ரசீது இல்லை, எப்போது யாரிடம் தர வேண்டும் என்ற எழுத்து இல்லை. வாடகை கட்டியதற்கு அது சாட்சியாகவும் ஆகாது. "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்பதும் இதே சிக்கல்தான். காலி செய்யும் நாளில் அந்தக் கணக்கு இரண்டாவது தகராறாக முளைக்கிறது.

எனவே நாங்கள் கேட்பது: தகராறு எழுதிக் கொடுக்கப்பட்ட நாளுக்குப் பின் வரும் வாடகையில் பாதிவரை வாடகை அதிகாரியிடம் வைப்பாகச் செலுத்த அனுமதி வேண்டும். மீதிப் பாதி வழக்கம்போல் உரிமையாளர் கைக்குப் போக வேண்டும். அந்த வாடகையை நம்பியே வீட்டுக் கடன் தவணை கட்டும் உரிமையாளர்கள் எங்களிலேயே இருக்கிறார்கள். முழு வாடகையையும் நிறுத்துவது அவர்களுக்கு அநியாயம். வைப்பில் உள்ள தொகை, கட்டிய வாடகையாகவே கணக்கில் வர வேண்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

எடுத்துக்காட்டாக, மாத வாடகை 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூரை நனைந்த படத்துடன் குடியிருப்பவர் எழுத்தில் கடிதம் கொடுக்கிறார். 15 நாளில் வேலை தொடங்கவில்லை. அடுத்த வாடகை நாளில் 4,500 ரூபாய் உரிமையாளருக்கும், 4,500 ரூபாய் வைப்புக்கும் போகிறது. அன்றிலிருந்து 10 நாளுக்குள் இரு தரப்பும் இருக்கும்போது ஒரு பொறியாளர் பார்வையிட வேண்டும். மாடிக்காரர் கதவைத் திறக்க வேண்டும் என்ற உத்தரவும் அதிலேயே இருக்க வேண்டும். அனுமதி கிடைக்காமல் நின்றுபோகும் பார்வையிடல்களே அதிகம்.

பார்வையிடும்போது எதை முதலில் சோதிப்பது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. முதலில் மாடிக்குத் தண்ணீர் வரும் வால்வை ஒரு நாள் முழுக்க அடைத்து, பாத்ரூமையும் பயன்படுத்தாமல் வைக்க வேண்டும். பிறகு பாத்ரூமைப் பயன்படுத்தாமலே வால்வை மட்டும் திறந்துவிட வேண்டும். குழாய்கள் மூடியிருந்தும் கூரையில் சொட்டு திரும்ப வந்தால், சுவருக்குள் போகும் சப்ளைக் குழாயில் ஓட்டை. உப்புத் தண்ணீர் ஓடும் பழைய இரும்புக் குழாய்களில் இது இயல்பு. சொட்டு வராவிட்டால், தரையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் பார்க்க வேண்டும். அப்போது கீழே நனைந்தால் தரையின் நீர்க்காப்போ ஓடு இணைப்போ கெட்டிருக்கிறது. நனையாமல், அடைப்பை எடுத்து நீரை வடியவிட்டதும் சொட்டினால், டிராப்புக்குக் கீழே கழிவுக் குழாய் இணைப்பு விட்டிருக்கிறது. இந்த வரிசையை மாற்றினால் ஒரு கசிவு இன்னொன்றை மறைத்துவிடும். மேஸ்திரி தரையை உடைத்து ஓடு மாற்றிய பின்பும் ஒழுகுவது அதனால்தான்.

ஒழுகும் வீட்டுக்கு மேலே மொட்டை மாடி மட்டும் இருந்தால் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து தை மாதத்தில் காய்ந்துவிடும் கசிவை, கோடையில் போய்ப் பார்த்து 'பழுது இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. வெள்ளை உப்புப் படிவும் உரியும் பெயிண்டும் அப்போதும் இருக்கும். காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், சோதனைக்காகக் காத்திராமல் அந்த அறையைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

மேலே சொன்ன கணக்கில் கழிவுக் குழாய் இணைப்பே காரணம் என்று முடிவானதாகக் கொள்வோம். டிராப் மாற்றி, தரையை மூடி, கீழே காரை பூசிமுடிக்க மதிப்பீடு 14,000 ரூபாய். வேலை முடிவதற்குள் இரண்டு மாதம், வைப்பில் 9,000 ரூபாய். பில்லும், மீண்டும் ஒருமுறை தண்ணீர் நிறுத்திப் பார்த்த குறிப்பும் வந்த பின் அந்த 9,000 வேலை செய்தவருக்கே நேராகப் போக வேண்டும். மீதி 5,000 உரிமையாளர் தருவார். மாறாக, கீழ்வீட்டுச் சிங்க் அடைத்துத்தான் சுவர் நனைந்தது என்று தெரிந்தால், 9,000 ரூபாயும் உடனே உரிமையாளருக்கு விடுவிக்கப்பட்டு, பார்வையிட்ட கட்டணம் குடியிருப்பவர் தலையில் விழ வேண்டும். வாடகையை இழுத்தடிக்கவே தகராறு கிளப்புவோரை இது தடுக்கும்.

உரிமையாளர் ஆஜராகாமல் தள்ளிப்போடலாம். குடியிருப்பவர் நாள் கடத்தலாம். ஆகவே முதல் வைப்பிலிருந்து 60 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். 60 நாள் கடந்தும் உரிமையாளரால் தடைபட்டால், மாடிக்குள் நுழைந்து வேலை செய்ய குடியிருப்பவருக்கே உத்தரவு கிடைக்க வேண்டும். குடியிருப்பவரால் தடைபட்டால் வைப்பு உரிமையாளருக்குப் போக வேண்டும்.

சட்டத் திருத்தத்துக்கு மாநில அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். அதுவரை, இரு தரப்பும் விரும்பினால் வாடகை ஒப்பந்தத்திலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க மாதிரி வாசகம் ஒன்றை வாடகை அதிகாரி அலுவலகத்தில் வைக்கச் செய்ய வேண்டும். பணத்தை வைத்திருக்க இருவரும் ஏற்கும் வழக்கறிஞர் ஒருவரை அதில் குறிக்கலாம். ஒப்பந்தம் எழுதும் நாளில் யாருக்கும் கோபம் இருக்காது. அந்த நாளில் கையெழுத்து எளிதாகக் கிடைக்கும்.

இணைப்பு: மாதிரி நிபந்தனை வாசகம், பார்வையிடல் படிவம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
இடம்: திருப்பூர்