வால் விரிந்தால் மட்டும் லக்கா ஆகிவிடாது

ஐயா,

சென்ற வாரம் தங்கள் இதழில், எங்கள் சேலத்து மொட்டை மாடிப் புறாக்கள் பற்றிய கட்டுரையோடு ஒரு படம் வந்திருந்தது. அதன் கீழே 'லக்கா புறா' என்று போட்டிருந்தீர்கள். அது விசிறி வால் சாதியான லக்கா இல்லை. ஜோடியைச் சுற்றி வரும் சாதாப் புறாச் சேவல். படத்திலேயே அது தெரிகிறது.

சாதாப் புறாவின் வாலில் 12 இறகுகள்தான். பெட்டையைக் கண்டதும் சேவல் கழுத்தை உப்பி, வாலை விரித்துத் தரையில் இழைத்தபடி குனுகும். அந்த நேரத்தில் கிளிக் செய்தால் எந்தப் புறாவும் மயில் போலத்தான் விழும். தங்கள் படத்தில் விரிந்த வாலை விரல் வைத்து எண்ணினேன். 12 இறகு, நுனியில் கறுப்புப் பட்டை. லக்காவுக்கு 30 வரை இருக்கும், சிலதற்கு அதற்கு மேலும். அதன் வால் தரையில் உரசாது, சும்மா நிற்கும்போதும் நிமிர்ந்தே நிற்கும்.

அடுத்தது கொண்டை. நம் ஊர் லக்காவுக்குப் பின்னந்தலையில் இறகு மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும், காலிலும் இறகு உண்டு. இங்கிலீஷ் லக்காவுக்கு இரண்டும் கிடையாது. தலையைப் பின்னுக்கு இழுத்து வாலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். கொண்டையைப் பார்க்கப் பக்கவாட்டுப் படம் வேண்டும். முன்னால் நின்று எடுத்தால் பின்னால் விரிந்த வாலோடு கலந்து அது தெரியாமல் போகும். காற்றில் பிடரி இறகு எழும்பினாலும் கொண்டை மாதிரியே தெரியும்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். போனில் வந்த முன்பக்கப் படத்தை நம்பி, சுத்த லக்கா என்று ஒரு வெள்ளைச் சேவலை வாங்கினேன். கூண்டில் விட்ட பிறகு எண்ணினால் வாலில் 18 இறகு, அதுவும் சாய்ந்தே நின்றது. தலை மொழுக்கென்று இருந்தது. லக்காவுக்கும் சாதாவுக்கும் பிறந்த கலப்பு. கொண்டை தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் குஞ்சுக்கு வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் உள்ளே ஒளிந்திருக்கும். அதே சேவலைக் கொண்டையுள்ள பெட்டையோடு சேர்த்தேன். இரண்டு ஈட்டில் நான்கு குஞ்சு, அதில் இரண்டுக்குக் கொண்டை முளைத்தது.

இறகு உரிக்கும் காலத்தில் வாலில் நாலைந்து குறையலாம். அப்போது எண்ணிக்கையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நிறமும் சாட்சிக்கு உதவாது. தங்கள் படத்துப் புறாவுக்கு இருக்கிற நீல உடம்பும் இறக்கையில் இரண்டு கறுப்புக் கோடும் காட்டு மாடப்புறாவின் உடுப்பு. லக்காவுக்கும் அது வரும், பந்தயத்துக்கு விடும் ஹோமருக்கும் வரும்.

அடுத்த முறை படம் எடுப்பவரிடம், புறாவின் கண் மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் ஒன்று, பின்னால் நின்று வால் முழுவதும் தெரிய ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். சேவல் குனுகி முடித்துச் சும்மா நிற்கும்வரை பொறுத்திருந்து எடுக்கட்டும்.

இப்படிக்கு,
புறா வளர்க்கும் வாசகர்,
அம்மாப்பேட்டை, சேலம்.