ஒரு போத்தல் படத்தில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கமக்காரர் அமைப்புகளின் தலைவர்கள், செயலாளர்கள், வட்டவிதானைமார் அனைவருக்கும்,

பெரும்போக விதைப்பு முடிந்து புல்லெண்ணெய் அடிக்கிற நாட்கள் வந்தால் உங்கள் வட்ஸ்அப் குழுக்களில் போத்தல் படங்கள் குவிகின்றன. “இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?” என்று கேட்கிறார்கள். பத்து நிமிடத்துக்குள் யாரோ ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியன் என்பதால் எனக்கும் அந்தப் படங்கள் வருகின்றன. நீங்கள் சொல்கிற தீர்ப்பை நம்பித்தான் ஒருவர் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார், இன்னொருவர் மிச்ச மருந்தையும் அடிக்கிறார். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஒரு படம் “இது பிழையான சரக்கு” என்று சில வேளை காட்டிக்கொடுக்கும். “இது நல்ல சரக்கு” என்று எந்தப் படமும் காட்டாது. கள்ள மருந்து செய்கிறவனுக்கு மிக இலகுவான வழி, நல்ல கம்பனியின் வெறும் போத்தலை வாங்கி நிரப்புவதுதான். அந்தப் போத்தலில் லேபல் உண்மையானது, பதிவு இலக்கம் உண்மையானது, பட்ச் நம்பரும் உண்மையானது. உள்ளே இருப்பது மட்டும் வேறு. வரம்பில் வீசிய போத்தலை எடுத்துப்போக ஆள் வருகிறதென்றால், எதற்கு எடுக்கிறான் என்று ஒரு தடவையாவது யோசியுங்கள். மூன்று தடவை கழுவி, அடியில் துளை போட்டுவிட்டால் அது மறுபடி கடைக்கு வராது.

சென்ற போகத்தில் எனக்கு வந்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். படுவான்கரைப் பக்கத்து ஒரு தம்பி அனுப்பியது. நெல்லில் முளைத்த புல்லுக்கு அடிக்கும் பிஸ்பைரிபக் சோடியம், லீற்றருக்கு 100 கிராம் கொண்டது. இரவில் பிளாஷ் போட்டு எடுத்திருந்தார். மூடி திறந்து, பாதி மருந்து முடிந்திருந்தது. “அடித்துப் பன்னிரண்டு நாள், புல் அப்படியே நிற்குது” என்று குரல்பதிவும் வந்தது. குழுவில் ஒருவர் லேபல் நிறம் வெளிறியிருக்கிறது என்றார். இன்னொருவர் பட்ச் நம்பர் கோணலாக அடிபட்டிருக்கிறது, கம்பனிக்காரன் இப்படி அடிப்பானா என்று கேட்டார். மூன்றாமவர் மருந்து இரண்டு படையாகப் பிரிந்திருக்கிறது, தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார்.

இந்த மூன்றுமே ஆதாரம் இல்லை.

கைப்பேசி தன் பாட்டில் நிறத்தை மாற்றும். அதை விட்டாலும், லேபல் ஒவ்வொரு முறை அச்சாகும்போதும் மை கொஞ்சம் கூடும், குறையும். ஒரே கம்பனியின் இரண்டு நல்ல போத்தலைப் பக்கத்தில் வைத்தாலே வித்தியாசம் தெரியும். பட்ச் நம்பரும் திகதிகளும் லேபலோடு சேர்த்து அச்சிடப்படுவதில்லை. மருந்து நிரப்பிய பிறகு, போத்தல் பெல்ட்டில் ஓடும்போது ஒரு சிறிய மைக்குழாய் புள்ளிப் புள்ளியாய் அடித்துவிடும். போத்தல் ஆடினால் வரி கோணும். எனக்குச் சந்தேகம் வருவது அதற்கு நேர்மாறான இடத்தில்: பட்ச் நம்பர் லேபலின் மற்ற எழுத்தோடு ஒரே மையில், ஒரே எழுத்துருவில், அச்சகத்திலேயே போட்ட மாதிரி அழகாக இருந்தால். அப்படி அச்சிட்டவனிடம் எல்லாப் போத்தலுக்கும் ஒரே பட்ச் நம்பர்தான் இருக்கும். திகதியின் கீழே பழைய புள்ளிகளின் நிழலோ, சுரண்டிய தடமோ தெரிந்தால் அதுவும் கவனிக்க வேண்டியதே. உற்பத்தித் திகதியையும் காலாவதித் திகதியையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஜூன் 31 என்று அடித்த போத்தலுக்குப் பரிசோதனை தேவையில்லை.

படை பிரிந்த கதைக்கு லேபலில் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு ஆங்கில எழுத்தைப் பாருங்கள். எஸ்சி என்றிருந்தால், மருந்து மிக நுண்ணிய தூளாகத் திரவத்தில் மிதக்கிறது. கடைத்தட்டில் மாதக்கணக்கில் நின்றால் மேலே தெளிவும் கீழே பாலும் என்று பிரிவது அதன் இயல்பு. குலுக்கினால் ஒன்றாக வேண்டும். குலுக்கியும் அடியில் கட்டி கரையவில்லை என்றால் மருந்து பழுதாகியிருக்கலாம், வெயிலில் கிடந்திருக்கலாம். ஈசி என்றிருந்தால் போத்தலில் தெளிவாக இருக்க வேண்டும், தண்ணீரில் விட்டவுடன் பாலாக வேண்டும். ஈசி என்று போட்டுவிட்டுப் போத்தலுக்குள்ளேயே பாலாக இருந்தால் அப்போது கேள்வி கேட்கலாம். மோந்து பார்த்துச் சொல்கிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள்.

சரி, அந்தத் தம்பியிடம் பகலில் நிழலில் வைத்து மறுபடி எடுக்கச் சொன்னேன். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது முதலில் அழிவது இந்தச் சின்ன எழுத்துத்தான், ஆகையால் படமாக அனுப்பாமல் டொக்கியுமன்ட் ஆக அனுப்பச் சொன்னேன். வந்த படங்களில் மூன்று மொழியும் இருந்தது, பதிவு இலக்கம் இருந்தது, அடியில் நிறப்பட்டி இருந்தது. ஆனால் கடையில் இருந்த அட்டைப்பெட்டியின் பட்ச் நம்பர் வேறு, போத்தலின் பட்ச் நம்பர் வேறு. இதுதான் அந்தக் கதையில் கிடைத்த ஒரே உருப்படியான சந்தேகம். அதுவும் சந்தேகம் மட்டுமே. இரண்டு பெட்டி மிச்சத்தைக் கடைப்பையன் ஒன்றாக அடுக்கியிருந்தாலும் இப்படி வரும்.

அடுத்தது மூடி. நல்ல போத்தலின் வாயில் உள்ள அலுமினியத் தாள் சூட்டினால் ஒட்டப்படுவது. கிழித்தால் விளிம்பைச் சுற்றி ஒரே அகல வளையமாகத் தடம் நிற்கும். பசை வைத்து ஒட்டியதில் தடம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் இல்லாமலும் இருக்கும். மூடியின் கீழ் வளையத்தை மூடியோடு பிடித்திருக்கும் சின்னப் பாலங்கள் முறியாமல் இருக்க வேண்டும். தம்பியின் போத்தலில் இதைப் பார்க்க வழியே இல்லை. திறந்தாயிற்று, தாளை வயலில் வீசியாயிற்று, பற்றுச்சீட்டும் வாங்கவில்லை.

பிறகு வயலின் படத்தைக் கேட்டேன். அங்கேதான் விஷயம் கிடந்தது. புல் கணுவிட்டுக் கிளைத்து நின்றது. இந்த மருந்து புல் இரண்டு முதல் நான்கு இலையில் நிற்கும்போது, தண்ணீரை வடித்து, இலை வெளியே தெரியும்படி அடிக்க வேண்டியது. அவர் அடித்தது மழை நாள்களில், வரம்பு நிறையத் தண்ணீரோடு. அந்தப் போத்தல் நல்லதாகவே இருந்தாலும் அந்தப் புல் செத்திருக்காது. ஆக, அது கள்ளச் சரக்கா என்று எனக்கு இன்றுவரை சொல்ல முடியவில்லை. குழுவில் மட்டும் அந்தக் கடைக்காரர் கள்ளன் என்று ஆகிவிட்டார்.

படம் உறுதியாகக் காட்டிக்கொடுக்கும் இடமும் உண்டு. கடல்வழியாகக் கடத்தி வரும் இந்தியச் சரக்கு. அதன் லேபலில் ஒரு சதுரம் தன் முனை கீழே இருக்கும்படி நிற்கும், அதன் கீழ்ப்பாதி நிறமாக இருக்கும். விலை இந்திய ரூபாயில் இருக்கும். இலங்கையில் பதிந்த மருந்தில் நிறம் லேபலின் அடியில் பட்டியாக ஓடும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். இந்த நிறங்களை ஒன்றென்று எண்ண வேண்டாம். இந்தியச் சதுரத்தில் மஞ்சள் என்றால் கடும் நஞ்சு, நமது பட்டியில் மஞ்சள் என்றால் நடுத்தர நஞ்சு. பரகுவாட் என்று எழுதிய போத்தல் வந்தால் அச்சின் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. அதை இலங்கையில் 2008 முதல் 2011 வரை படிப்படியாக நிறுத்தியாயிற்று. அது உண்மையான கம்பனிச் சரக்காகவே இருந்தாலும் இங்கே சட்டவிரோதம்தான்.

விதைநெல் சாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டையில் இனம், தொகுதி இலக்கம், பரிசோதித்த திகதி எல்லாம் இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். நான் பார்ப்பது சாக்கின் வாய்த் தையல். அட்டை தையலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். நூலுக்குப் பக்கத்தில் வெறும் ஊசித் துளை இன்னொரு வரிசை ஓடினால், அந்தச் சாக்கு ஒரு தடவை திறந்து மறுபடி தைத்தது. அதைத் திருப்பிக் கொடுங்கள். துளை இல்லை என்பதற்காக உள்ளே நல்ல பீஜி 94-1 தான் இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். பன்றிநெல் கலந்திருந்தால் எந்தப் படத்திலும் தெரியாது, பிறகு அதை மட்டும் கொல்ல எந்தப் புல்லெண்ணெயும் இல்லை. ஒரு பிடி நெல்லை உமி நீக்கிப் பார்த்தால் சிவப்பரிசி கண்ணில் படும். நூறு நெல்லை ஈரச்சாக்கில் மடித்து வைத்து எண்ணினால் முளைதிறன் தெரியும். சான்றுபடுத்திய விதைநெல்லுக்கு அது குறைந்தது 85 சதவீதம் இருக்க வேண்டும்.

இனி நான் உங்களிடம் கேட்பது. குழுவில் போத்தல் படம் வந்தால் ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்வதை நிறுத்துங்கள். பதிலுக்கு இவற்றைக் கேளுங்கள்: திறக்காத போத்தலின் மூடி வளையம், லேபல் முழுவதும் சுற்றி வர இரண்டு மூன்று படம், பட்ச் நம்பரும் திகதியும் எழுத்து வாசிக்கும் அளவு கிட்டத்தில், கடையில் அதன் அட்டைப்பெட்டி, பற்றுச்சீட்டு, வயலில் புல்லின் படம், அடித்த திகதி, அன்று நின்ற தண்ணீர். பற்றுச்சீட்டில் பட்ச் நம்பரை எழுதித் தரச் சொல்லி வாங்கும் பழக்கம் உங்கள் கண்டத்தில் வந்தால் பாதிக் கரைச்சல் குறையும். எழுத மறுக்கிற கடையை நீங்களே அறிந்துகொள்ளலாம்.

சந்தேகம் மிஞ்சினால் அதே பட்ச் நம்பரில் திறக்காத போத்தல் ஒன்றைத் தேடி, திறக்காமலே கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ கொடுங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற அலுவலர் கடையிலிருந்தே மாதிரி எடுக்கலாம். ஆய்வுகூடம்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லும். பாதி அடித்து முடித்த போத்தலைக் கொண்டுபோனால், இடையில் யார் எதைக் கலந்தார்கள் என்று கடைக்காரர் கேட்பார், அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

இந்த முறை விதைப்புத் திகதி தீர்மானிக்கும் ஆரம்பக் கூட்டத்தில் இதையும் ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். அழைத்தால் நான் வருகிறேன். ஒரு நல்ல போத்தல், ஒரு இந்தியப் போத்தல், மறுபடி தைத்த ஒரு சாக்கு மூன்றையும் கையோடு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு