நடுக்கோட்டில் உங்கள் பக்கத்துக் கோடு எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாலைக் கோடுகளைப் பற்றி உங்கள் வாசகர் ஒருவர், ‘விட்டு விட்டுப் போட்ட கோடு என்றால் முந்தலாம், நீளக் கோடு என்றால் முந்தக் கூடாது, அவ்வளவுதான்’ என்று எழுதியிருந்தார். தப்பில்லை, ஆனால் பாதிதான். கோடு போடும் வேலையில் பல வருஷம் மேற்பார்வை பார்த்தவன் என்பதால் மீதியைச் சொல்லத் தோன்றியது.

நீங்கள் 60 கிலோமீட்டர் வேகத்தில் காரில் போகிறீர்கள், முன்னால் ஒரு பஸ் 40-இல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் நீளம் 11 மீட்டர், உங்கள் கார் 4 மீட்டர், விலகும்போதும் திரும்ப உள்ளே வரும்போதும் 15, 15 மீட்டர் இடைவெளி, ஆக பஸ்ஸைவிட 45 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வேக வித்தியாசம் 20 கிலோமீட்டர்தான், அதற்கு 8 விநாடி ஆகும். அந்த 8 விநாடியில் நீங்கள் சுமார் 135 மீட்டர் போயிருப்பீர்கள், எதிரே 60-இல் வருகிறவரும் அதே 135 மீட்டர் வந்திருப்பார். இரண்டையும் கூட்டினால் 270. நம் நாட்டில் சாலைகளுக்கு விதி வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின், அதாவது ஐஆர்சியின் விதியில் 60 கிலோமீட்டர் வேகச் சாலைக்கு முந்துவதற்கான பார்வைத் தூரம் 300 மீட்டர் என்று இருப்பது இதனால்தான். அந்த அளவுக்கு எதிரே தெரியாத இடத்தில் முந்துவது ஆபத்து, அதைத்தான் நீளக் கோடு சொல்கிறது.

இப்போது ஒரு மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுகிறவருக்கு உச்சிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது, ஆனால் உச்சியைத் தாண்டி இறங்குகிறவருக்குக் கீழே வெகுதூரம் தெரியும். ஒரே இடம், ஒரே சாலை, இரண்டு பேருக்கும் பார்வை வேறு. அதனால்தான் அங்கே நடுவில் இரண்டு கோடு போடுகிறோம், ஏறுகிறவர் பக்கம் நீளக் கோடு, இறங்குகிறவர் பக்கம் விட்டு விட்டுப் போட்ட கோடு. உங்களுக்கு எது அருகில் இருக்கிறதோ அது மட்டும்தான் உங்களுக்கான உத்தரவு, மற்றது எதிரே வருகிறவருக்கு. உச்சியில் இரண்டு பேருக்குமே பார்வை மறைவதால் அங்கே இரண்டும் நீளக் கோடு, யாரும் தாண்டக் கூடாது. ஒற்றை நீளக் கோட்டை, எதிரே வாகனம் இல்லாதபோது, வலப்பக்கத்து வீட்டுக்கோ சந்துக்கோ திரும்புவதற்காகத் தாண்டலாம், வழியில் பழுதாகி நிற்கும் வண்டியைச் சுற்றிப் போகவும் தாண்டலாம், முந்துவதற்காகத் தாண்டக் கூடாது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. நீளக் கோடு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் விட்டு விட்டு வரும் கோட்டின் துண்டுகள் நீளமாகி, இடைவெளி சின்னதாகும். இனிப் புதிதாக முந்தாதே, முந்திக்கொண்டிருந்தால் சீக்கிரம் உன் பக்கத்துக்கு வா என்பது அதற்கு அர்த்தம். ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், ஏனென்றால் கோடு போட உருக்கி ஊற்றும் சூடான தெர்மோபிளாஸ்டிக் காய்வதற்குள், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி மணித் தூளை அதன்மேல் தூவுகிறோம்.

சாலைச் சந்திப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட மஞ்சள் கட்டத்துக்கும் வருகிறேன், அங்கே குழப்பம் சிக்னலால் வருகிறது. பச்சை விழுந்தால் போகலாம்தானே என்று நினைக்கிறார்கள். கட்டத்துக்கு அந்தப் பக்கம் உங்கள் வண்டி முழுசாக நிற்க இடம் இருந்தால்தான் உள்ளே போக வேண்டும், பச்சையாக இருந்தாலும் சரி. டவுன் பஸ் ஒன்று பாதி உள்ளே நின்றுவிட்டால் குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுந்தும் யாரும் நகர முடியாது.

சரி, எனக்கு உள்ள வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்து வளைவான மேட்டில் போன வருஷம் புதிதாகத் தார் போட்டார்கள். பழைய நீளக் கோடு மூடிப்போய்விட்டது. பிறகு கோடு போட வந்தவர்கள் நூல் பிடித்து, முன்பு எது இருந்தது என்று பார்க்காமல், மொத்தத்துக்கும் விட்டு விட்டே போட்டுவிட்டுப் போனார்கள். கோடு போடும் இயந்திரத்துக்கு வளைவு தெரியாது, அதைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்குத் தெரிய வேண்டும். கார் ஓட்டுநரின் கண் உயரமான சுமார் 1.2 மீட்டரில் உட்கார்ந்து, எதிரே எத்தனை மீட்டர் தெரிகிறது என்று இரண்டு திசையிலும் பார்த்த பிறகுதான் அந்த இடத்தில் கோடு போட வேண்டும். அதை நாங்கள் ஒரு கயிறும் இரண்டு ஆளும் வைத்து அரை நாளில் செய்திருக்கிறோம். தார் போடுவதற்கு முன் பழைய கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஓரக் கல்லில் பெயின்டால் குறித்து வைத்தாலே போதும், பாதி வேலை முடிந்துவிடும். மழைக்கு முன்னால் அந்த மேட்டில் இதைச் செய்து கொடுங்கள் என்று சாலைப் பொறுப்பில் இருப்பவர்களை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சாலைக் கோடு மேற்பார்வையாளர்