உன் மகளின் பாவாடை தாவணி போட்டோ பற்றி

அன்புத் தோழிக்கு,

தொண்டியில் எல்லோரும் நலம்தானே. இங்கே மண்டபத்தில் காற்று அடிக்கிற அடியில் காயப்போட்ட துணியை ரெண்டு தெரு தள்ளிப் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கிறது. சரி, கல்யாணத்துக்குப் போகும்போது போட அந்தப் பாவாடை தாவணி பொருந்துமா என்று கேட்டு நீ அனுப்பிய ரெண்டு போட்டோவையும் பார்த்தேன். உன் மகளா அது, போன தைப்பொங்கலுக்கு நான் இதைத் தைத்துக் கொடுத்தபோது என் தோளுக்குக் கீழே நின்றவள்!

"நீளம் சரியாக இருக்கிறது, சட்டைதான் இறுக்கமோ" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நீளத்தில்தான் முதல் சந்தேகம். முதல் போட்டோவை அவள் அப்பா நின்றுகொண்டு, கிட்டத்திலிருந்து எடுத்திருக்கிறார். தரை முழுக்கத் தெரிகிறது, தலை பெரிதாகவும் பாதம் சின்னதாகவும் இருக்கிறது பார். மேலிருந்து எடுத்தால் பாவாடை விளிம்பு பாதத்தை மறைத்துவிடும், அதனால் தரையைத் தொடுகிற மாதிரிதான் தெரியும். நீ படிக்கட்டில் உட்கார்ந்து எடுத்த ரெண்டாவது போட்டோவில்தான் கணுக்கால் வெளியே வருகிறது, அதைத்தான் நான் நம்புவேன். அந்த மாம்பழ மஞ்சள் பாவாடைக்கு வைத்த பார்டர் 4 அங்குலம் என்று எனக்குத் தெரியும். போட்டோவில் அதையே அளவுகோலாக வைத்துப் பார்த்தேன். விளிம்புக்கும் பாதத்தின் மேற்பக்கத்துக்கும் நடுவே பார்டரில் பாதி இடைவெளி, அதாவது 2 அங்குலம்.

இன்னொன்று கவனித்தாயா? இடுப்பில், தாவணி மறைக்காத இடத்தில், சட்டைக்கும் பாவாடைக்கும் நடுவே இடைவெளி முன்பு இருந்ததைவிட அதிகம். அவளே நாடாவை ஓர் அங்குலம் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். வளர்கிற பிள்ளைகள் எல்லாம் இதைச் செய்யும், யாரிடமும் சொல்லாது, நாம்தான் பார்த்துப் பிடிக்க வேண்டும். ஆக, உண்மையில் 3 அங்குலம் குறைகிறது. இந்த வயதில் ஒரு வருடத்தில் 2, 3 அங்குலம் வளர்வது சாதாரணம்தான் என்பதால் பாவாடையின் உள்பக்கம் 3 டக் மடிப்பு பிடித்து வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் அரை அங்குல ஆழம். ஒன்றைப் பிரித்தால் ஓர் அங்குலம் இறங்கும். மூன்றையும் பிரித்துவிடலாம். அடுத்த வருடம் இடுப்பில் அகலமான பட்டி வைத்து நீட்ட வேண்டியதுதான், தாவணிச் சுற்றுக்குள் அது மறைந்துவிடும்.

இப்போது சட்டை. முதல் போட்டோவில் அக்குளிலிருந்து கிளம்பும் சுருக்கங்களைப் பார்த்துத்தானே பயந்தாய்? அதில் அவள் காற்றில் பறக்கிற தாவணியைப் பிடிக்கக் கையைத் தூக்கியிருக்கிறாள். கை தூக்கினால் எந்தச் சட்டையும் சுருங்கும். எனக்கு ஒருமுறை இதிலேயே சறுக்கியது, பாம்பனில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு போட்டோவை நம்பி ரெண்டு பக்கமும் தையலைப் பிரித்து விட்டேன், போட்டுப் பார்த்தால் சட்டை சாக்கு மாதிரி தொங்கியது. திரும்பப் பிடித்ததும் பழைய ஊசித் துளை பட்டில் வரிசையாகத் தெரிந்தது, நான் கூலியே வாங்கவில்லை.

ஆனால் உன் ரெண்டாவது போட்டோவில் கை கீழே இருக்கிறது, அப்போதும் அக்குளில் ரெண்டு கோடு மிச்சம் இருக்கிறது. அது நிஜமான இறுக்கம். பக்கத் தையலை ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் விட்டால், முன்னும் பின்னும் சேர்த்து மொத்தச் சுற்றில் 2 அங்குலம் கிடைக்கும், உள்ளே அவ்வளவு துணி விட்டுத்தான் தைத்தேன். எனக்குப் பயம் தோளில்தான். தோளையும் கையையும் சேர்க்கும் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும், அது கழுத்துப் பக்கம் ஏறியிருந்தால் தோள் அகலம் போதவில்லை என்று அர்த்தம், அங்கே விட்டுக்கொள்ளத் துணியே கிடையாது, புதுச் சட்டைதான். தாவணி மூடியிருப்பதால் இடத்தோள் தெரியவில்லை, வலத்தோளில் நிழல் விழுந்திருக்கிறது.

அதனால் தாவணி இல்லாமல், பாவாடை சட்டையோடு மட்டும் நிற்கவைத்து, வீட்டுக்குள்ளே எடு. கடற்கரையில் வேண்டாம், காற்றில் பாவாடை ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் காலோடு ஒட்டிவிடுகிறது, எது அகலம் எது ஒடுக்கம் என்றே தெரியவில்லை. நாடாவை இடுப்பில் சரியான இடத்தில் கட்டச் சொல், செருப்பு வேண்டாம், கையைத் தொங்கவிடட்டும். போனை அவள் இடுப்பு உயரத்தில் பிடித்து எட்டு அடி தள்ளி நின்று, முன்னால் ஒன்று, முதுகு ஒன்று. அப்புறம், இப்போது அவளுக்குப் பொருந்துகிற ஸ்கூல் சட்டை ஒன்றைப் பாயில் விரித்து, தோளுக்குத் தோள் டேப் வைத்து எடுத்து அனுப்பு, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட உதவும்.

தோள் சரியாக இருந்தால் பாவாடையையும் சட்டையையும் கொடுத்துவிடு, கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் என் கைக்கு வந்தால் போதும். மஞ்சள் நூல் வேறு கடையில் தேடவேண்டாம், அந்த உருண்டை இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.

உன் தோழி