கொடுத்ததை மட்டும் கொடுத்ததாக எழுதுங்கள்: செல்வ நாடுகளின் காலநிலை நிதிப் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐ.நா. காலநிலை மாநாடுகளில் செல்வ நாடுகளின் சார்பில் நிதி குறித்துப் பேசும் மதிப்பிற்குரிய பேச்சாளர்களுக்கு,

வணக்கம்.

2024 நவம்பர் 24 அதிகாலையில் பாகு மாநாட்டின் நிறைவு அமர்வில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வளரும் நாடுகளுக்கான காலநிலை நிதியாக 2035ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்குக் குறைந்தது 30,000 கோடி டாலர் என்ற இலக்கு ஏற்கப்பட்டதாக அறிவித்துச் சுத்தியல் தட்டப்பட்டது. மறுப்புச் சொல்ல எழுந்த இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரைனாவுக்கு அதன் பிறகுதான் பேச வாய்ப்புக் கிடைத்தது. அந்த ஆவணம் வெறும் தோற்ற மயக்கம் என்று அவர் சொன்னார். தொகை போதுமா என்ற விவாதத்தை நான் இங்கே மீண்டும் தொடங்கவில்லை. எந்தத் தொகையானாலும் அதை எந்த அளவுகோலால் அளக்கப் போகிறீர்கள் என்பதே என் கேள்வி. கடனை அதன் முழுத் தொகைக்கும் கொடையைப் போலக் கணக்கில் ஏற்றுவதை நிறுத்துங்கள் என்பதே என் கோரிக்கை.

ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். செல்வ நாடு ஒன்று 10 கோடி டாலரை ஆண்டுக்கு 3 சதவீத வட்டியில், 20 ஆண்டுகளில் சம தவணைகளாக அசலைத் திருப்பித் தரும்படி ஓர் ஏழை நாட்டுக்குக் கொடுக்கிறது. அந்த நாடு 20 ஆண்டுகளில் வட்டியாக மட்டும் 3.15 கோடி டாலர் கட்டும். அசலும் வட்டியுமாகத் திரும்புவது 13.15 கோடி. இதில் கொடை என்று சொல்லத்தக்கது, சந்தை வட்டியைவிடக் குறைவாக வாங்கியதால் அந்த நாட்டுக்கு மிச்சமான தொகை மட்டுமே. வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்கு மாற்றும் தள்ளுபடி வீதத்தை 5 சதவீதமாக வைத்துக் கணக்கிட்டால் அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 1.5 கோடி டாலர். ஆனால் உங்கள் அறிக்கையில் பதிவாவது 10 கோடி. வட்டி 5 சதவீதமாக இருந்திருந்தால் கொடை என்று ஒரு காசும் இருந்திருக்காது. அப்போதும் பதிவாவது அதே 10 கோடிதான்.

இப்படிச் செய்ய விதிகள் இடம் தருகின்றன. 2018இல் காட்டோவிட்சே மாநாட்டில் ஏற்கப்பட்ட, பாரிஸ் ஒப்பந்தத்துக்கான அறிக்கை விதிகளின்படி கடனின் முழுத் தொகையான முகமதிப்பைத் தெரிவிப்பது கட்டாயம். அதில் எவ்வளவு மானியத்துக்குச் சமம் என்று தெரிவிப்பது விருப்பத்தைப் பொறுத்தது. என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. உங்களில் பெரும்பாலானோர் உறுப்பினராக உள்ள, செல்வ நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடியின் வளர்ச்சி உதவிக் குழு, 2018ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து வளர்ச்சி உதவிக் கடன்களை மானிய மதிப்பில்தான் அளக்கிறது. உதவி என்று எழுதும்போது சலுகைப் பகுதியை மட்டும் எண்ணும் அதே அரசு, அதே கடனைக் காலநிலை நிதி என்று எழுதும்போது முழுத் தொகையையும் எண்ணிக்கொள்கிறது. இதை எப்படி நியாயப்படுத்துவீர்கள் என்று பணிவோடு கேட்கிறேன்.

2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவோம் என்று 2009இல் கோபன்ஹேகனில் சொன்னீர்கள். அது இரண்டு ஆண்டு தாமதமாக, 2022இல் 11,590 கோடியாக நிறைவேறியது என்கிறது ஓஇசிடி. அதிலுள்ள அரசு நிதியில் 69 சதவீதம் கடன். மானியம் 28 சதவீதம். இலக்கு நிறைவேறியது என்று ஒரு தரப்பும் ஏமாற்றப்பட்டோம் என்று மறுதரப்பும் சொல்வதற்கு இந்த 69 சதவீதத்தை எண்ணும் முறை ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கணக்கு ஒரு நாட்டை என்ன செய்கிறது என்பதைப் பாகிஸ்தானில் பாருங்கள். உலகின் பசுங்குடில் வாயு உமிழ்வில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்குடைய அந்த நாட்டில், 2022 வெள்ளம் 1,700க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, 3.3 கோடிப் பேரைப் பாதித்தது. சேதமும் பொருளாதார இழப்புமாக 3,000 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. 2023 ஜனவரியில் ஜெனீவாவில் கூடிய நாடுகளும் வங்கிகளும் 900 கோடி டாலருக்கு மேல் அறிவித்தன. அதில் ஏறத்தாழ 90 சதவீதம் மூன்று ஆண்டுகளில் வரவேண்டிய திட்டக் கடன் என்று அந்நாட்டு நிதியமைச்சர் இஷாக் தார் அப்போதே சொன்னார். அன்னியச் செலாவணி வற்றி, பழைய கடனைக் கட்டவே திணறிக்கொண்டிருந்த நாட்டுக்கு, தான் உண்டாக்காத வெள்ளத்திலிருந்து எழுந்து நிற்கப் புதுக்கடன் கைகொடுத்தது! அதில் எவ்வளவு காலநிலை நிதியாகப் பதிவாகிறது என்பது தனிக் கேள்வி. கடன் சுமையாகவே அந்நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில் உட்காருகிறது என்பதில் கேள்வியே இல்லை.

அதே பாகிஸ்தான் 2021இல் அளித்த உறுதிமொழியை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 2030இல் எதிர்பார்க்கப்படும் உமிழ்வில் 50 சதவீதத்தைக் குறைப்போம். 15 சதவீதம் எங்கள் சொந்தப் பொறுப்பு, மீதி 35 சதவீதம் வெளிநாட்டு நிதி வந்தால் என்கிறது அது. வளரும் நாடுகள் பலவற்றின் உறுதிமொழிகள் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. நிதி வந்ததாக உங்கள் ஏட்டிலும் வரவில்லை என்று அவர்கள் ஏட்டிலும் இருந்தால், அந்த 35 சதவீதம் நடக்கப்போவதில்லை. நடக்காத குறைப்பின் வெப்பம் உங்கள் நாடுகளையும் சேர்த்தே தாக்கும்.

ஊர் கூடி இழுக்கும் தேரில் வடத்தைப் பிடித்தபடி இழுக்காமல் நடப்பவரைக் கண்டால் பக்கத்தில் இருப்பவரின் கையும் தளரும். உமிழ்வைக் குறைக்கும் செலவு ஒரு நாட்டுக்கு, பலன் எல்லா நாடுகளுக்கும் என்பதால், பிறர் செய்யட்டும் என்று காத்திருக்கும் ஆசை யாருக்கும் வரும். தடுக்கத் தண்டனையும் இல்லை. கியோட்டோ ஒப்பந்தத்தின் சட்டப்பூர்வ இலக்கை விட்டுக் கனடா வெளியேறுவதாக 2011இல் அறிவித்தபோது யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. பாரிஸ் ஒப்பந்தம் நம்பியிருப்பது, மற்றவர் தம் பங்கைச் செய்கிறார் என்று அறிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதை. அந்த அறிக்கையின் அளவுகோலே கோணலானால் மிச்சம் என்ன இருக்கிறது?

உங்களுக்குள்ளேயும் இது அநீதிதான். பெரும்பாலும் மானியமாகக் கொடுக்கும் ஸ்வீடனும் டென்மார்க்கும், பெரும்பாலும் கடனாகக் கொடுக்கும் ஜப்பானுக்கும் பிரான்சுக்கும் பக்கத்தில் சிறுத்துத் தெரிகின்றன. கையிலிருந்து கொடுப்பவருக்கு இப்போதைய முறை எந்த ஊக்கமும் தருவதில்லை.

உங்கள் தரப்பின் வாதங்களை நான் ஒதுக்கவில்லை. நிதி தரவேண்டிய நாடுகள் என்று 1992இல் எழுதிய பட்டியல் இன்றைய செல்வத்தைக் காட்டவில்லை, சீனாவும் வளைகுடா நாடுகளும் பங்கேற்க வேண்டும் என்கிறீர்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அவர்களை அழைக்கும் முன் நேரான அளவுகோலை மேசையில் வையுங்கள். கடனே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. வருவாய் தரும் சூரிய மின் நிலையத்துக்குக் கடன் பொருந்தும். வருவாயே தராத வெள்ளத் தடுப்புக் கரைக்குப் பொருந்தாது. தள்ளுபடி வீதத்தில் சிக்கல் இருப்பதும் உண்மைதான்: மேலே சொன்ன கடனையே 7 சதவீதத்தில் கணக்கிட்டால் கொடைப் பகுதி 2.7 கோடியாகிறது. எனவே வீதத்தையும் வாங்கும் நாடுகளோடு பேசியே முடிவு செய்ய வேண்டும். எந்த வீதத்தை வைத்தாலும் அது 10 கோடி ஆகாது.

அறிக்கை விதிகளின் முதல் மறுஆய்வு 2028க்குள் நடந்தாக வேண்டும். மானிய மதிப்பைத் தெரிவிப்பது அதில் கட்டாயமாக வேண்டும். 30,000 கோடி இலக்கும் அந்த மதிப்பிலேயே அளக்கப்பட வேண்டும். ஒருமித்த சம்மதத்தோடு முடிவெடுக்கும் அங்கே ஒரு மறுப்புக் குரலே முடிவை நிறுத்திவிடலாம் என்பதால், அந்தக் குரல் உங்களுடையதாக இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. விருப்பத்துக்கு விடப்பட்ட அந்த மானிய மதிப்புக் கட்டத்தை உங்கள் அடுத்த ஈராண்டு வெளிப்படைத்தன்மை அறிக்கையிலேயே நிரப்ப எந்த விதியும் தடையில்லை. தயவுசெய்து நிரப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு வாசகர்